படத்துக்குக் கீழே ஒரு வரி

2011 ஏப்ரல் 2, சனிக்கிழமை இரவு, மும்பை வான்கடே மைதானம். அந்தப் படம் உங்களுக்கும் நினைவிருக்கும். மட்டை தோளுக்கு மேலே சுழன்று போயிருக்கிறது. தோனியின் கண்கள் பந்து போன திசையில் நிற்கின்றன. முகத்தில் சிரிப்பு இல்லை, ஆவேசமும் இல்லை. இந்தியா உலகக் கோப்பையை வென்ற நொடி அதுதான்.

இப்போது ஒரு வேலை. நீங்கள் விளையாட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இந்தப் படத்துக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு சொற்களுக்கு மட்டுமே இடம் இருக்கிறது. என்ன எழுதுவீர்கள்?

பல ஆண்டுகள் விளையாட்டுப் பக்கங்களுக்குப் படக்குறிப்பு எழுதியிருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் இதே படத்தைக் கொடுத்துப் பார்ப்பது என் வழக்கம். பெரும்பாலும் இப்படித்தான் ஒரு வரி வரும்: “கடைசிப் பந்தில் சிக்ஸர் விளாசி கோப்பையை வென்று தந்த மகிழ்ச்சியில் தோனி.” படிக்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் இந்தச் சின்ன வரிக்குள் இரண்டு பிழைகள் இருக்கின்றன.

முதல் பிழை ‘கடைசிப் பந்து’. குலசேகரா வீசிய அந்தப் பந்து 49-வது ஓவரின் இரண்டாவது பந்து. 275 என்ற இலக்கை எட்ட அப்போது 11 பந்துகளில் 4 ரன் தேவைப்பட்டது. சிக்ஸர் பறந்தபோது இன்னும் 10 பந்துகள் மீதம் இருந்தன. அந்தப் போட்டியில் வீசப்பட்ட கடைசிப் பந்து அதுதான் என்று ஒருவர் வாதாடலாம். ஆனால் ‘கடைசிப் பந்தில் சிக்ஸர்’ என்று படிக்கிற கிரிக்கெட் ரசிகரின் மனதில் எழுவது வேறொரு காட்சி. இனி ஒரு பந்துதான், இதை விட்டால் தோல்வி என்ற கத்திமுனைக் காட்சி. அப்படி ஒன்று அன்று நடக்கவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியில் நியாயம் இருந்தாலும், படிக்கிறவர் தவறான காட்சியைக் கண்டால் அந்தக் குறிப்பு தவறானதுதான்.

இரண்டாவது பிழை ‘மகிழ்ச்சியில்’. படத்தில் இருக்கும் முகத்தைத் திரும்பப் பாருங்கள். அங்கே மகிழ்ச்சி எங்கே இருக்கிறது? அவர் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். கொண்டாட்டமெல்லாம் அதற்குப் பிறகு. நாடே மகிழ்ந்ததால் அவரும் அந்த நொடியில் மகிழ்ந்துகொண்டிருந்தார் என்று நாம் சேர்த்துவிட்டோம்.

சரி, எதை எழுதலாம்? நான் முதலில் பிரித்துக்கொள்வது இதைத்தான்: கண்ணுக்குத் தெரிவது எது, தெரியாதது எது. மட்டையோடு நிற்பது தோனி என்பது தமிழ்நாட்டில் யாருக்கும் தெரியும். அவர் பந்தை அடித்துவிட்டார் என்பதும் தெரிகிறது. தெரியாதவை வேறு. பந்து எங்கே போய் விழுந்தது? வீசியவர் யார்? அதனால் என்ன ஆயிற்று? அசையாத படத்தில் சிக்ஸருக்கும் எல்லைக்கோட்டருகே பிடிபடும் கேட்ச்சுக்கும் வித்தியாசமே கிடையாது. இரண்டிலும் மட்டை ஒரே இடத்தில்தான் இருக்கும். அந்த வித்தியாசத்தைச் சொல்லத்தான் குறிப்பு வேண்டும். “குலசேகராவின் பந்தை லாங்-ஆன் திசையில் சிக்ஸருக்கு விரட்டி, இந்தியாவின் வெற்றியை உறுதிசெய்த தோனி.” பத்துச் சொற்கள். படத்தில் எதிர்முனையில் யுவராஜ் சிங்கின் முகம் தெளிவாகத் தெரிந்தால் அவர் பெயரையும் சேர்க்க வேண்டும். முகம் தெரிகிற ஆளைப் பெயரில்லாமல் விட்டால், படிக்கிறவர் ‘இது யார்?’ என்று தேடிக்கொண்டே இருப்பார்.

ஆங்கிலச் செய்தி நிறுவனங்களின் படங்களோடு வரும் குறிப்புகள் பெரும்பாலும் இரண்டு வாக்கியங்களாக இருக்கும். யார், என்ன செய்கிறார், எங்கே, எந்த நாள் என்பதை முதல் வாக்கியம் நிகழ்காலத்தில் சொல்லும். இரண்டாவது பின்னணியைத் தரும். அதைத் தமிழில் அப்படியே பெயர்த்தால் பத்திரிகையில் இடம் போதாது, ஓட்டமும் இருக்காது. நம் பத்திரிகைகள் வேறொரு வடிவத்தைக் கண்டுபிடித்து வைத்திருக்கின்றன. வினையைப் பெயரெச்சமாக்கி முன்னால் வைப்பது, ஆளின் பெயரில் முடிப்பது. ‘பந்தை விரட்டும் தோனி’, ‘கோல் போட முயலும் மெஸ்ஸி’, ‘இலக்கைத் தொட்ட நீரஜ்’. முற்றுப்பெறாத இந்த வாக்கியம் படத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது, ஏனென்றால் படமும் முற்றுப்பெறாத ஒரு செயல்தான்.

இந்த வடிவத்துக்குள் ஒரு நுட்பம் இருக்கிறது. ‘விரட்டும்’ என்பது கண்ணெதிரே நடப்பதைக் காட்டும். ‘விரட்டிய’ என்றால் அது முடிந்துபோன செயல். படம் பிடித்த நொடியில் என்ன நடந்துகொண்டிருந்ததோ அதற்கு ‘உம்’ விகுதி, அதன் விளைவாகவோ அதற்கு முன்போ நடந்ததற்கு இறந்தகால எச்சம். ஓர் ஆட்டக்காரர் சதம் அடித்த பிறகு மட்டையை உயர்த்துகிறார் என்றால் ‘சதம் அடித்ததும் மட்டையை உயர்த்தும்’ என்று வரும். ‘சதம் அடிக்கும்’ என்று எழுதினால், படத்தில் இல்லாத ஒரு ஷாட்டை இருப்பதாகச் சொல்கிறோம். ஓர் எழுத்து, இரண்டு எழுத்துதான் மாறுகிறது. ஆனால் படத்தோடு குறிப்பு ஒட்டுகிறதா இல்லையா என்பது அதில்தான் இருக்கிறது.

இதே வடிவத்தில் ஒரு குழியும் உண்டு. உலகின் மிகப் புகழ்பெற்ற விளையாட்டுப் படங்களில் ஒன்றை வைத்து அதைக் காட்டுகிறேன். கீழே மல்லாந்து கிடக்கிறார் சன்னி லிஸ்டன். மேலே, வலக்கையை மார்புக்குக் குறுக்கே மடக்கி, வாயைத் திறந்து அவரைப் பார்த்துக் கத்துகிறார் முகமது அலி. நீல் லீஃபர் எடுத்த படம். இதற்கு ‘லிஸ்டனை வீழ்த்திய அலி’ என்று ஒரு துணை ஆசிரியர் எழுதுகிறார். பத்தியின் அகலத்துக்கு ஓர் எழுத்து கூடிவிடுகிறது. தலைப்புகளில் இரண்டாம் வேற்றுமையை விட்டுவிடுவது நமக்குப் பழக்கம், அதனால் ‘ஐ’யை எடுத்துவிடுகிறார். ‘லிஸ்டன் வீழ்த்திய அலி.’ இப்போது இதன் பொருள் என்ன? லிஸ்டனால் வீழ்த்தப்பட்ட அலி! நிற்பவர் கீழே விழுந்துவிட்டார். ஆங்கிலத்தில் பெயர் நிற்கும் இடமே யார் யாரை அடித்தார் என்று சொல்லிவிடும். தமிழில் அந்த வேலையை வேற்றுமை உருபு செய்கிறது. ‘வெற்றி’, ‘தோல்வி’, ‘வீழ்த்து’, ‘விஞ்சு’ ஆகிய சொற்கள் வருகிற எந்தக் குறிப்பிலும் நான் ‘ஐ’யைத் தொட விடுவதில்லை. இடம் போதாவிட்டால் வேறு சொல்லைத்தான் குறைக்க வேண்டும்.

அலி படத்தில் அதைவிட ஆழமான பிழை ஒன்று அடிக்கடி நேர்கிறது. ‘லிஸ்டனை வீழ்த்தி உலக சாம்பியன் பட்டம் வென்ற அலி’ என்று இந்தப் படத்துக்குக் கீழே எழுதிவிடுவார்கள். அலி லிஸ்டனிடமிருந்து பட்டத்தைப் பறித்தது 1964 பிப்ரவரி 25 அன்று, மயாமி பீச்சில். அன்று லிஸ்டன் இப்படி விழவே இல்லை. ஏழாவது சுற்றுக்கு மணி அடித்தபோது அவர் தன் மூலையில் இருந்த இருக்கையை விட்டு எழ மறுத்துவிட்டார். அப்போது வென்றவரின் பெயரும் காசியஸ் க்ளே. இந்தப் படமோ 1965 மே 25 அன்று, மெய்ன் மாநிலத்தின் லூயிஸ்டன் என்ற சிறு நகரில் எடுத்தது. பட்டம் ஏற்கெனவே அலியிடம் இருந்தது. அன்று அவர் அதைத் தக்கவைத்துக்கொண்டார், முதல் சுற்றிலேயே.

அடுத்து, படத்தில் என்ன நடக்கிறது? ‘ஓங்கிக் குத்தும் அலி’ என்று சிலர் எழுதுவார்கள். மடங்கிய கை அப்படித்தான் தோன்றும். ஆனால் குத்து விழுந்து முடிந்துவிட்டது. அது அவ்வளவு வேகமாக வந்து போனதால் அரங்கில் இருந்த பலர் அதைப் பார்க்கவே இல்லை. அதற்கு ‘ஆவிக் குத்து’ என்றே பெயர் வந்துவிட்டது. படத்தில் இருப்பது குத்துக்குப் பின்னால் வருவது. கீழே கிடப்பவரை எழுந்து சண்டை போடச் சொல்லிக் கத்துகிறார் அலி. ஆகவே குறிப்பு இப்படி வரும்: “முதல் சுற்றிலேயே சாய்ந்த லிஸ்டனை எழுந்து மோதும்படி கத்தும் முகமது அலி. லூயிஸ்டன், 1965.” செயல், ஆட்கள், சூழல் மூன்றும் வந்துவிட்டன. கத்துகிறார் என்பதை அறிந்த பிறகு அந்தப் படத்தையே புதிதாகப் பார்க்கிறோம். வெற்றிப் பெருமிதம் என்று நினைத்தது எரிச்சலாக மாறுகிறது.

குறிப்பு எழுதுகிறவருக்கு இந்தப் பின்னணி எப்படிக் கிடைக்கும்? இப்போதைய கேமராக்கள் நொடிக்கு இருபதுக்கும் மேற்பட்ட படங்களைக்கூட எடுக்கின்றன. ஒரு விக்கெட் விழுவதற்குள் நாற்பது ஐம்பது படங்கள் சேர்ந்துவிடும். அதில் ஒன்றுதான் டெஸ்க்குக்கு வரும். அது எந்தப் பந்து என்று சொல்லக் கேமராவின் கடிகாரம் உதவும். ஒவ்வொரு படத்துடனும் எடுத்த நேரம் பதிவாகிறது. அதை ஸ்கோர் பதிவில் உள்ள நேரத்தோடு ஒட்டிப் பார்த்தால் ஓவர், பந்து, பந்து வீசியவர் எல்லாம் தெரிந்துவிடும். இதில் ஒரே ஓர் எச்சரிக்கை: கேமராவின் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். சென்னையிலிருந்து போன புகைப்படக்காரர் கோடைக்கால லண்டனில் நேரத்தை மாற்ற மறந்துவிட்டால் நாலரை மணி நேரம் தள்ளிப்போகும். மதிய உணவுக்கு முன் விழுந்த விக்கெட், ஆட்டம் முடியும் வேளையில் விழுந்ததுபோல் காட்டும். நிழலின் நீளத்தைப் பார்த்தே அதைப் பிடித்துவிடுகிற பெரியவர்களிடம் நான் வேலை கற்றேன்.

ஆட்களை அடையாளம் காண்பது இன்னொரு சிக்கல். ஆட்டத்தின் பரபரப்பில் ஒவ்வொரு பெயரையும் தட்டச்சு செய்ய நேரமிருக்காது. எனவே விளையாட்டுப் புகைப்படக்காரர்கள் பலர் Photo Mechanic என்ற மென்பொருளில் சுருக்கக் குறியீடுகளை முன்கூட்டியே தயாரித்து வைக்கிறார்கள். போட்டி தொடங்கும் முன் இரு அணிகளின் சட்டை எண்களையும் பெயர்களையும் ஒரு கோப்பில் எழுதிவிடுவார்கள்:

```
i7	இந்தியாவின் மகேந்திர சிங் தோனி
i12	இந்தியாவின் யுவராஜ் சிங்
```

குறிப்பை எழுதும்போது `\i7\` என்று அடித்தால் போதும், முழுப்பெயரும் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். எழுத்துப் பிழையே வராது. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. கையால் அடித்த பெயரில் தவறு இருந்தால் கண்ணில் உறுத்தும். ஆனால் 7-க்குப் பதில் 17 என்று அடித்துவிட்டால், வேறொரு வீரரின் பெயர் ஒரு புள்ளிகூடப் பிசகாமல், அணியின் பெயரோடு வந்து நிற்கும். சந்தேகப்பட எந்தக் காரணமும் இருக்காது. முதுகு மடிந்த சட்டையில் 1-ஐ மறைத்த ஒரு சுருக்கம் போதும், இந்தத் தவறு நடக்க. அதனால் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. கையுறையின் நிறம், இடக்கையா வலக்கையா, காலணி, கழுத்துச் சங்கிலி, பச்சை குத்தல், தாடி என்று இரண்டாவது அடையாளம் ஒன்று வேண்டும். டெஸ்ட் கிரிக்கெட்டின் வெள்ளைச் சட்டைகளில் 2019 வரை எண்ணே கிடையாது. ஹெல்மெட் போட்ட இருவரை நிற்கும் தோரணையை வைத்தே பிரித்தறிந்து எழுதினார்கள். எந்த அடையாளமும் கிடைக்காவிட்டால் ‘இந்திய வீரர்’ என்று எழுதுவதில் குறைவு ஒன்றுமில்லை. ஊகித்த பெயரைவிட அது எவ்வளவோ மேல்.

முகத்தில் உள்ள உணர்ச்சியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழ்ப் படக்குறிப்புகளில் மிக அதிகமாகப் புழங்கும் சொல் ‘மகிழ்ச்சியில்’ என்றுதான் நினைக்கிறேன். அடுத்தது ‘சோகத்தில்’. 2012-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஹில்லல் அவியெசர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முக்கியமான ஒரு புள்ளியை வென்ற, இழந்த டென்னிஸ் வீரர்களின் படங்களை எடுத்து, முகத்தை மட்டும் வெட்டிக் காட்டினார்கள். பார்த்தவர்களால் வென்றவர் யார், தோற்றவர் யார் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. உடலை மட்டும் காட்டியபோது சொல்ல முடிந்தது. உச்சகட்ட உணர்ச்சியில் முகங்கள் ஒன்றுபோலவே கோணுகின்றன. வலியா, வெறியா, ஆனந்தமா என்பதை முகம் சொல்வதில்லை. ஆனால் ஆட்ட முடிவு நமக்கு முன்பே தெரிந்திருப்பதால், முகத்தில் அதைப் படித்ததாக நம்பிவிடுகிறோம்.

நம் ஊர்ப் பிள்ளை ஒருவரின் படமே இதற்கு நல்ல சான்று. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக செஸ் சாம்பியன் போட்டியின் பதினான்காவது ஆட்டம். மேசையருகே குகேஷ் கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். செஸ் தெரியாத ஒருவரிடம் அந்தப் படத்தைக் காட்டினால் ‘பாவம், தோற்றுவிட்டான் பையன்’ என்பார். உண்மையில் சற்று முன்புதான் டிங் லிரன் தோல்வியை ஒப்புக்கொண்டு கைகுலுக்கியிருந்தார். 7.5–6.5 என்ற கணக்கில் வென்று, 18 வயதில் உலக சாம்பியனாகியிருந்தார் குகேஷ். ‘ஆனந்தக் கண்ணீர் விடும் குகேஷ்’ என்று எழுதலாமா? பலர் எழுதினார்கள். எனக்குத் தயக்கம் உண்டு. அது ஆனந்தமா, இறுக்கம் தளர்ந்ததா, பல வருடக் காத்திருப்பு முடிந்ததா என்று படம் சொல்லவில்லை. “டிங் லிரன் தோல்வியை ஏற்றதும் கண்ணீரைத் துடைக்கும் உலக சாம்பியன் குகேஷ்.” காரணத்தைச் சொல்லிவிட்டால் உணர்ச்சிக்குப் பெயர் வைக்கத் தேவையில்லை. படிக்கிறவர் தாமே அதை உணர்ந்துகொள்வார், அதுவும் நாம் சொல்வதைவிட முழுமையாக.

செஸ் படங்களில் இன்னொரு வழுக்கல் உண்டு. அந்த வெற்றிக்குப் பிறகு குகேஷ் பலகையில் காய்களைத் திரும்ப அவற்றின் ஆரம்பக் கட்டங்களில் அடுக்கி வைத்தார். கையில் காயோடு அவர் இருக்கும் அந்தப் படத்துக்கு ‘காய் நகர்த்தும் குகேஷ்’ என்று எழுதிவிடுவது வெகு சுலபம். ஆட்டம் முடிந்துவிட்டது, அவர் அடுக்கிக்கொண்டிருக்கிறார். பலகையைக் கூர்ந்து பார்த்தால் தெரியும்: காய்கள் வரிசையாக நிற்கின்றன, முகம் நனைந்திருக்கிறது.

பத்திரிகையில் அச்சாகும் குறிப்பு ஒன்று, படக்கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கும் குறிப்பு இன்னொன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். அச்சில் பக்கத்திலேயே செய்தி இருப்பதால் இடம், நாள், போட்டியின் பெயர் ஆகியவற்றை விட்டுவிடலாம். கோப்புக்குள் எதையும் விடக் கூடாது. பத்து வருடம் கழித்து யாரோ ஒருவர் அந்தப் படத்தைத் தனியாக எடுப்பார். அவர் கையில் செய்தி இருக்காது. மயாமியும் லூயிஸ்டனும் குழம்புவது அந்தக் கட்டத்தில்தான்.

என் கையால் நேர்ந்த ஒரு பிழையை இங்கே எழுத வேண்டும். பல வருடங்களுக்கு முன், மாவட்டப் பள்ளிகளுக்கிடையிலான தொடர் ஓட்டத்தில் வென்ற நான்கு மாணவிகளின் படம் வந்தது. போட்டிக்கான பதிவுத் தாளும் கூடவே இருந்தது. அதில் இருந்த வரிசைப்படியே ‘இடமிருந்து வலம்’ என்று நான்கு பெயர்களையும் எழுதிவிட்டேன். அந்தத் தாளில் பெயர்கள் ஓடும் வரிசையில் இருந்தன. படத்தில் மாணவிகள் வேறு வரிசையில் நின்றிருந்தார்கள். நான்கு பெயரும் சரி, நான்கு முகமும் சரி. ஆனால் ஒரு பெயர்கூட உரிய முகத்துக்குப் போகவில்லை.

மறுநாள் பிற்பகல் ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். கையில் மடித்த பத்திரிகை. “சார், தப்பா நினைக்காதீங்க. ரெண்டாவதா நிக்கிறது என் பொண்ணு. பேரு கடைசில போட்டிருக்கீங்க” என்றார். கோபமே இல்லை. “அவ பாட்டிக்குப் படிச்சுக் காட்டுனோம். பாட்டி விரலை வெச்சு எண்ணிப் பாத்துட்டு, இது நம்ம புள்ள இல்லியேன்னு சொல்லிட்டாங்க.” படிக்கத் தெரியாத அந்தப் பாட்டி, பேத்தி படிக்கக் கேட்டு, விரலால் இடமிருந்து வலமாக எண்ணியிருக்கிறார். நான் செய்யாத வேலையை அவர் செய்திருக்கிறார்.

அன்று மாலை புகைப்படக்காரரை அழைத்து, நால்வரின் சட்டையில் குத்தியிருந்த எண்களை ஒவ்வொன்றாகப் பதிவுத் தாளோடு ஒப்பிட்டேன். பிறகு அதே படத்தை, அதே அளவில், பெயர்களை மாற்றி மீண்டும் வெளியிட்டோம். அதற்கு முன் அந்த அப்பாவுக்குத் தொலைபேசியில் நான்கு பெயரையும் இடமிருந்து வலமாகப் படித்துக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றுக்கும் “ஆமா சார்” என்றார்.